மின்தடையிலும் அணையாத ஃபைபர் மோடம்: ஒரு வீட்டில் மினி யூபிஎஸ் பொருத்திய நிகழ்வின் ஆய்வு

பின்புலம்

தென்காசி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பம் இது. மருமகள் ஒரு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் பணி செய்கிறார். மாமனார் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். வீட்டின் மின்சாதனங்களைப் பற்றிய முடிவுகளை அவரே எடுப்பார். சிறு அலுவலகங்களின் கணினி வலையமைப்பைப் பராமரிப்பது என் தொழில். அந்தக் குடும்பம் எனக்கு நெடுநாள் பழக்கம் என்பதால், இந்த வேலையைப் பார்த்துத் தருமாறு என்னை அழைத்தார்கள்.

அங்கே மின்தடை இரண்டு வகையாக வந்தது. முதலாவது, துணை மின்நிலையப் பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாள் முன்னறிவிப்புடன் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை நிறுத்தப்படுவது. இரண்டாவது, சாரல் காலத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வலுக்கும்போது, மரக்கிளைகள் கம்பியில் உரசிச் சில நொடிகளுக்கோ சில நிமிடங்களுக்கோ மின்சாரம் போய்விட்டு வருவது. குடும்பத்தினர் முதலாவதைப் பற்றியே கவலைப்பட்டார்கள். பேசிப் பார்த்தபோது, மருமகளின் வேலையைக் கூடுதலாகக் கெடுத்தது இரண்டாவதுதான் என்று தெரிந்தது. ஐந்து நொடி மின்சாரம் போனாலும் மோடம் அணைந்து, மறுபடி கிளம்பி, இணைய நிறுவனத்தின் மையக் கருவியோடு தொடர்பைப் புதுப்பித்து, அதன்பின் வைஃபை வருவதற்குள் மூன்று நான்கு நிமிடங்கள் கழிந்துவிடுகின்றன. அலுவலகத்தின் விபிஎன் இணைப்பு அறுந்து, பாதியில் நின்ற கோப்பை அவர் மீண்டும் திறக்க வேண்டியிருந்தது.

மடிக்கணினிக்குத் தன் பேட்டரி இருந்தது. திரையின் ஒளியைக் குறைத்துவிட்டால் ஐந்து மணி நேரம் தாங்கியது. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்ப முடியவில்லை, ஏனென்றால் ஊர் முழுவதும் மின்சாரம் இல்லாதபோது எல்லோரும் ஒரே கோபுரத்துக்கு மாறுகிறார்கள். வாடகை வீட்டில் பெரிய இன்வெர்ட்டர் வைத்து வயரிங்கை மாற்ற அவர்களுக்கு விருப்பமில்லை. அதற்குத் தேவையும் இல்லை. பேட்டரியின் நேர் மின்சாரத்தை 230 வோல்ட் மாறு மின்சாரமாக்கி, அடாப்டர் வழியாக அதை மறுபடி 12 வோல்ட் நேர் மின்சாரமாக்குவதில் இரு முறை இழப்பு ஏற்படுகிறது. ஒரு சிறிய பேட்டரிப் பெட்டியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் அந்த இழப்பில் பெரும்பகுதி இல்லை.

நான் செல்வதற்கு முன்பே மாமனார் கடையில் அத்தகைய பேட்டரிப் பெட்டியான மினி யூபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். சுவர் ப்ளக்கில் செருகி வைக்கும் வகை அது. 5, 9, 12 வோல்ட் என்று மூன்று வெளியீடுகள் இருந்தன. 10,400 மில்லி ஆம்பியர்-மணி என்று அட்டையில் அச்சிட்டிருந்தது.

முதலில் கவனித்தவை

எதையும் செருகுவதற்கு முன், இணைய நிறுவனத்தின் பக்கம் மின்தடையிலும் உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய வேண்டியிருந்தது. அங்கே இருக்காது என்றால் வீட்டில் எந்தப் பேட்டரி வைத்தும் பயனில்லை. மையத்திலிருந்து வீடு வரை மின்சாரம் தேவைப்படாத ஒளிப்பிரிப்பான்கள் மட்டுமே இருக்கும் ஃபைபர் அமைப்பில், மையத்தில் பேட்டரி இருந்தால் போதும். சில ஊர்களில் உள்ளூர்க் கேபிள்காரர் தெருக் கம்பத்திலோ யாராவது ஒருவர் வீட்டிலோ மின்சாரத்தில் ஓடும் சுவிட்ச் ஒன்றை வைத்திருப்பார். தெருவில் மின்சாரம் போனால் அதுவும் போகும். இந்த வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளி இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அதே நிறுவனத்தின் இணைப்பு இருந்தது. அடுத்த முறை மின்சாரம் நின்றபோது மருமகள் அவர்களிடம் கேட்டுப் பார்த்தார். அவர்களுக்கு இணையம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது, ஒளி சிக்னல் வராதபோது மோடத்தில் எரியும், எல்.ஓ.எஸ். என்று எழுதிய சிவப்பு விளக்கும் எரியவில்லை. ஆகவே மேற்கொண்டு செல்லலாம் என்று முடிவாயிற்று.

வீட்டில் இரண்டு கருவிகள் இருந்தன. முன்கூடத்தின் பரண் ஓரத்தில் ஃபைபர் மோடம். அதன் அடியில் ஒட்டிய சீட்டில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருந்தது. பின்னறையில் வைஃபை எட்டவில்லை என்பதற்காகத் தனியே வாங்கிய ரவுட்டர். அதன் சீட்டில் 9 வோல்ட், 0.6 ஆம்பியர் என்று இருந்தது. இரண்டின் அடாப்டர்களும் கறுப்பு நிறம். இரண்டின் பின்களும் வெளிவிட்டம் 5.5 மி.மீ., உள்துளை 2.1 மி.மீ. என்ற ஒரே அளவு. எதை எதில் செருகினாலும் தடையின்றி நுழையும். இந்த ஒற்றுமையே இந்த வேலையின் முதல் ஆபத்து. 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் சில மாதிரிகள் தாங்கிக்கொள்ளும், சில சூடாகும், சில கெட்டுப்போகும். எது எந்த வகை என்பதை வெளியிலிருந்து பார்த்து யாரும் சொல்ல முடியாது. 12 வோல்ட் மோடத்துக்கு 9 வோல்ட் கொடுத்தால் சேதம் பெரும்பாலும் இல்லை, ஆனால் அது கிளம்பாமலோ திரும்பத் திரும்ப அணைந்து எழுந்துகொண்டோ இருக்கும்.

ஆம்பியரைப் பற்றி மாமனாருக்கு ஓர் ஐயம் இருந்தது. “மோடம் ஒரு ஆம்பியர்தானே தம்பி கேட்குது, இந்தப் பெட்டியில ரெண்டு ஆம்பியர்னு போட்டிருக்கே, அதிகமா பாய்ஞ்சிடாதா?” என்று கேட்டார். வோல்ட் அளவு வெளியிலிருந்து கொடுக்கப்படுவது, ஆகவே அது பொருந்தியே ஆக வேண்டும். ஆம்பியர் கருவி தனக்கு வேண்டிய மட்டும் இழுத்துக்கொள்வது, ஆகவே கொடுக்கும் பெட்டியின் எண் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் போதும் என்று விளக்கினேன். பெட்டியின் எண் குறைவாக இருப்பதுதான் சிக்கல்.

நீட்டிய வயரில் கண்டது

மோடம் பரண் உயரத்திலும் சுவர் ப்ளக் கீழேயும் இருந்ததால், பெட்டியுடன் வந்த வயர் எட்டவில்லை. நான் போவதற்கு முன்தினம், குடும்பத்துக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் பழைய அடாப்டர் ஒன்றின் வயரை அதன் பின்னோடு வெட்டி எடுத்து, பெட்டியுடன் வந்த வயரின் நுனியை வெட்டிவிட்டு அதனோடு சேர்த்து நீட்டித் தந்திருந்தார். இணைப்பு வேலை சுத்தமாக இருந்தது. ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஒவ்வொரு இழைக்கும் தனி உறை போட்டிருந்தார். மாலை ஆகிவிட்டதால் மோடத்தில் செருகிப் பார்க்காமல் சென்றிருந்தார்.

பின்னின் நடுத்துளை நேர்முனையா எதிர்முனையா என்பதை அறிய, கருவியின் சீட்டிலும் அடாப்டரிலும் ஒரு குறி அச்சிடப்பட்டிருக்கும். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி ஒரு பக்கம் திறந்த அரைவட்டம், இரண்டிலிருந்தும் ஒவ்வொரு கோடு. புள்ளியிலிருந்து செல்லும் கோடு கூட்டல் குறியைத் தொட்டால் நடுவே நேர்முனை, வெளிக்குழல் எதிர்முனை. இந்த வீட்டு மோடம், ரவுட்டர் இரண்டின் குறியும் நடுவே நேர்முனை என்றே காட்டின. இணையக் கருவிகளில் பெரும்பான்மை அப்படித்தான். ஆனால் பழைய விசைப்பலகை வாத்தியங்கள், கிடார் பெடல்கள் போன்ற சில கருவிகளின் அடாப்டர்கள் எதிர்த்திசையில் இருக்கும். ஆகவே வீட்டில் கிடக்கும் பழைய வயரின் முனை எது என்பதை அனுமானிக்கக் கூடாது.

நான் மூன்று அளவுகளை எடுத்தேன். பின்னின் துளைக்குள் மல்டிமீட்டரின் தடித்த முனை சரியாக நுழையாது. அழுத்தினால் நடுப்பகுதியையும் வெளிக்குழலையும் ஒன்றாகத் தொட்டுக் குறுக்குச்சுற்று ஏற்படும். அதனால் சிசிடிவி கடைகளில் கிடைக்கும், திருகாணி வைத்த பெண் டிசி கனெக்டர் ஒன்றைப் பயன்படுத்தினேன். பின்னை அதில் செருகிவிட்டு, கூட்டல், கழித்தல் குறியிட்ட இரு திருகாணிகளில் மீட்டரின் சிவப்பையும் கறுப்பையும் வைத்தால் போதும். மோடத்தின் சொந்த அடாப்டர் 12.2 வோல்ட் காட்டியது. அதைத் தெரிந்த அளவுகோலாக வைத்துக்கொண்டேன். பெட்டியின் 12 வோல்ட் வெளியீட்டில், இன்னும் வெட்டப்படாத இரண்டாவது வயரை மாட்டியபோது 12.1 வோல்ட் வந்தது. நீட்டிய வயரை மாட்டியபோது எண் அதே 12.1, ஆனால் முன்னால் கழித்தல் குறி. வயரின் ஏதோ ஓர் இடத்தில் முனைகள் மாறிவிட்டன.

காரணம் எளிதில் கிடைத்தது. பழைய அடாப்டரின் வயர் கறுப்பு. அதன் ஒரு இழையில் மட்டும் வெள்ளைக் கோடு. ஸ்பீக்கர் வயர்களில் கோடு போட்ட இழையை எதிர்முனையாக வைத்து வேலை செய்து பழகியவர் என்பதால், எலக்ட்ரீஷியன் கோட்டிழையைக் கறுப்போடும் கோடில்லாததைச் சிவப்போடும் சேர்த்திருந்தார். பல அடாப்டர் வயர்களில் கோடிட்ட இழைதான் நேர்முனை. அந்தப் பழைய அடாப்டரும் அப்படித்தான். அந்த வயரின் பின் உள்ள முனையையே அவர் பயன்படுத்தியதால் திசை மாறிவிட்டது. இதில் அவரது கைத்திறனில் குறை சொல்ல எதுவும் இல்லை. கோட்டுக்கு எல்லோரும் ஏற்ற ஒரே பொருள் கிடையாது, மீட்டர் மட்டுமே சொல்லும்.

அந்தப் பின்னை மோடத்தில் செருகியிருந்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். மின்வழியில் தொடராக, ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டயோடு இருந்தால், மோடம் கிளம்பாமல் இருந்திருக்கும். வேறு சேதம் இல்லை. குறுக்கே பாதுகாப்பு டயோடு இருந்தால், தலைகீழ் மின்சாரம் அதன் வழியே பாய்ந்து, மினி யூபிஎஸ் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் அல்லது டயோடு சூடேறிக் கருகும். எந்தப் பாதுகாப்பும் இல்லாவிட்டால், உள்ளே மின்னழுத்தத்தைச் சீராக்கும் சிப்பும் அதன் அருகில் உள்ள மின்தேக்கியும் சில நொடிகளில் கெட்டிருக்கும். மோடம் இணைய நிறுவனத்தின் சொத்து. அதை மாற்றித் தரும் வரை அந்த வீட்டில் வேலை நின்றிருக்கும்.

எடுத்த முடிவுகள்

எலக்ட்ரீஷியனைத் தொலைபேசியில் அழைத்து, இழைகளை மாற்றிச் சேர்க்கும்படி கேட்டேன். அவர் அன்று மாலையே வந்து செய்து கொடுத்தார். மீட்டரின் எண்ணிலிருந்து கழித்தல் குறி போனதைத் தாமே பார்த்து உறுதி செய்தார். பெட்டியின் 12 வோல்ட் துளையிலும் மோடத்தின் பின்னிலும் சிவப்பு நாடா, 9 வோல்ட் துளையிலும் ரவுட்டரின் பின்னிலும் நீல நாடா ஒட்டினோம். பெட்டியில் இருந்த, நெட்வொர்க் வயர் வழியாக மின்சாரம் அனுப்பும் துளையை நாடா ஒட்டி மூடினோம். அதில் 15 அல்லது 24 வோல்ட் வரும். யாராவது சாதாரண லேன் வயரை அதில் செருகிவிடக் கூடாது.

அடுத்தது எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கேள்வி. அட்டையில் உள்ள 10,400 என்ற எண் உள்ளிருக்கும் லித்தியம் செல்களின் 3.7 வோல்ட்டில் கணக்கிடப்பட்டது. 12 வோல்ட்டில் அல்ல. இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஏறக்குறைய 38 வாட்-மணி. 3.7 வோல்ட்டை 12 ஆகவும் 9 ஆகவும் உயர்த்துவதில் சுமார் 15 சதவீதம் இழப்பு என்று கொண்டால், கருவிகளுக்குக் கிடைப்பது 32 வாட்-மணி அளவு. பெட்டி ஓடும்போது மீட்டரைத் தொடராக வைத்து இழுக்கும் மின்னோட்டத்தை அளந்தேன். மோடம் சீராக 0.38 ஆம்பியர், அதாவது நாலரை வாட்டுக்குச் சற்று மேல், ரவுட்டர் 0.32 ஆம்பியர், அதாவது மூன்று வாட்டுக்குச் சற்றுக் குறைவு. இந்த அளவை வீட்டில் எடுப்பவர்கள், முடித்தவுடன் மீட்டரின் சிவப்பு வயரை ஆம்பியர் துளையிலிருந்து வோல்ட் துளைக்குத் திருப்பி மாட்ட வேண்டும். மறந்துவிட்டு வோல்ட் அளக்கப் போனால் மீட்டரே குறுக்குச்சுற்றாகிவிடும்.

இரண்டு கருவிகளும் சேர்ந்து ஏழரை வாட் இழுத்தால் 32 வாட்-மணி நாலேகால் மணி நேரம் வரும். பராமரிப்பு நாளின் தடை ஐந்து மணி நேரம். பெரிய பெட்டி வாங்கலாம் என்றார் மாமனார். மருமகளோ, “மாமா, அந்த ஒரு நாளைக்கு நான் முன்கூடத்துலயே உட்கார்ந்துக்கிறேன், பின்னறை ரவுட்டர் எதுக்கு?” என்றார். அவர் சொன்னதே சரியான தீர்வு. மோடத்திலேயே வைஃபை இருந்தது. ரவுட்டர் பின்னறைக்கு மட்டும் வேண்டியது. அறிவிக்கப்பட்ட நீண்ட தடையில் மட்டும் ரவுட்டரின் நீல வயரைக் கழற்றிவிடுவது, சாரல் காலத்துச் சிறு தடைகளுக்கு இரண்டையும் மாட்டியே வைப்பது என்று தீர்மானித்தோம். மோடம் தனியாக ஓடினால் கணக்கின்படி ஏழு மணி நேரம் வரும்.

பவர் பேங்கிலிருந்து 5 வோல்ட்டை 12 ஆக உயர்த்தும் வயர் ஒன்றையும் முன்பு யாரோ அவர்களுக்குப் பரிந்துரைத்திருந்தார்கள். பல பவர் பேங்குகள் சார்ஜ் ஏறத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் வெளியீட்டை ஒரு கணம் துண்டிக்கும். மோடம் மறுபடி கிளம்புவதற்கு அந்தக் கணம் போதும். சிறு தடைகளே முதன்மைச் சிக்கல் என்பதால் அதை விட்டுவிட்டோம்.

எல்லாம் பொருத்திய பின், பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கி, பத்து நொடி கழித்து மறுபடி செருகிப் பார்த்தோம். மோடத்தின் விளக்குகள் சிமிட்டவில்லை. மருமகளின் விபிஎன் அறுபடவில்லை.

தொடர்ந்து நடந்தவை

அடுத்த பராமரிப்பு நாளில் காலை 9.10க்கு நின்ற மின்சாரம் 2.20க்கு வந்தது. மோடம் தனியாக முழு நேரமும் ஓடியது. முடிவில் பெட்டியின் நான்கு விளக்குகளில் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. ஏழு மணி நேரத்துக்கான கணக்கில் ஐந்து மணிக்கு மேல் செலவானால் கால் பங்குக்குச் சற்று மேல் மிஞ்ச வேண்டும். அந்த ஒற்றை விளக்கு அதற்குப் பொருந்தி வந்தது. சாரல் காலத்துச் சிறு தடைகளிலும் இரண்டு கருவிகளும் அணையவில்லை.

சில வாரங்களில் வேறொரு தொல்லை எழுந்தது. மின்சாரம் இருக்கும்போதே மோடம் எப்போதாவது தானாக அணைந்து எழுந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்றே குடும்பத்தினர் நினைத்தார்கள். ஆனால் பெட்டியின் விளக்குகள் நான்கும் எரிந்தன, அதே பெட்டியிலிருந்து ஓடிய ரவுட்டர் ஒருமுறையும் அணையவில்லை. பரணில் ஏதாவது பொருளை நகர்த்தும்போது மட்டும் இது நடந்ததைக் கவனித்துச் சொன்னவர் மாமனார். பின்னை விரலால் லேசாக அசைத்தபோது மோடம் அணைந்தது. நீட்டிய வயரின் நுனியில் இருந்தது பழைய அடாப்டரின் பின். அதன் வெளிவிட்டம் 5.5 மி.மீ. என்றாலும் உள்துளை 2.5 மி.மீ. மோடத்தின் நடு ஊசி 2.1 மி.மீ. அளவுக்கு ஆனது என்பதால், பின் நுழைந்தது, ஆனால் ஊசியைப் பிடிக்கவில்லை. மாறாக, 2.1 துளையுள்ள பின் 2.5 ஊசியில் நுழையவே நுழையாது. ஆகவே அந்தப் பிழை உடனே தெரிந்துவிடும். தளர்வாக நுழைவதுதான் மறைந்திருந்து தொல்லை தருவது. கடையில் 2.1 துளையுள்ள புதிய பின் வாங்கி மாற்றி, மீட்டரில் மறுபடி முனையைச் சரிபார்த்த பின் செருகினோம். அதன்பின் தானாக அணைவது நின்றது.

கோடையில் பெட்டி தொட்டால் சூடாக இருப்பதாக மருமகள் சொன்னார். இடையில் அதைப் பரணுக்கு ஏற்றி மோடத்தின் மேலேயே வைத்திருந்தார்கள். மோடத்தின் சூடும் ஓட்டுக்கூரையின் சூடும் சேர்ந்து லித்தியம் செல்களின் ஆயுளைக் குறைக்கும். பரணிலிருந்து இறக்கிச் சுவரோரத்தில், காற்றுப் படும் இடத்தில் தனியாக வைத்தார்கள்.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே வேலையை இன்னொரு வீட்டில் செய்தால், பழைய அடாப்டரின் வயரை வெட்டி நீட்டும் வழியைத் தொடக்கத்திலேயே தவிர்ப்பேன். இரு முனையிலும் 5.5க்கு 2.1 என்று அளவு குறித்த நீட்சி வயர் ஆயத்தமாகக் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தியிருந்தால் முனை மாறியதும் தளர்ந்த பின்னும் ஆகிய இரண்டு சிக்கல்களும் எழுந்திருக்காது. அதையும் முதலில் மீட்டரில் பார்த்த பிறகே கருவியில் செருகுவேன்.

வோல்ட் அளவை பேட்டரி நிறைந்திருக்கும்போது மட்டும் எடுப்பது போதாது. மலிவான சில பெட்டிகளில் மூன்று செல்களைத் தொடராக வைத்து, சீராக்கும் சுற்று இல்லாமல் அப்படியே வெளியே விடுகிறார்கள். நிறைந்திருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும் அந்தப் பெட்டி, தீரும் நேரத்தில் 9 வோல்ட்டை நெருங்கும். பேட்டரியில் இன்னும் மிச்சம் இருக்கும்போதே மோடம் அணையத் தொடங்கும். இந்த வீட்டுப் பெட்டி அந்த வகையல்ல என்பதை, பராமரிப்பு நாளின் முடிவில் மருமகள் மீட்டரில் பார்த்துச் சொன்ன 12 வோல்ட்டிலிருந்து அறிந்தோம். இதை வாங்கிய அன்றே, வெளியீட்டில் கருவிகளை ஓடவிட்டுப் பேட்டரியை இறக்கிப் பார்த்திருக்கலாம்.

பெட்டி எப்போதும் முழு சார்ஜில் நிற்பதால் செல்களின் கொள்ளளவு ஆண்டுக்கு ஆண்டு குறையும். ஆகவே பராமரிப்பு நாள் வராத மாதங்களிலும், ஒரு விடுமுறை நாளில் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி எத்தனை மணி நேரம் வருகிறது என்று குறித்து வைக்கும்படி சொல்லியிருக்கிறேன். மோடம் தனியாக ஓடும் நேரம் ஐந்து மணிக்குக் கீழே இறங்கினால் செல்களையோ பெட்டியையோ மாற்ற வேண்டும். பெட்டியின் உடல் உப்பியதாகத் தெரிந்தால் நேரக்கணக்குக்குக் காத்திராமல் அன்றே சுவரிலிருந்தும் கருவிகளிலிருந்தும் கழற்றிவிட வேண்டும். மாமனார் இந்த அளவுகளைத் தேதியோடு எழுதிப் பரணின் கதவில் ஒட்டியிருக்கிறார். கருவிகளின் வோல்ட், முனைக் குறி, பின்னின் உள்துளை அளவு மூன்றும் அதே தாளின் மேற்பகுதியில் உள்ளன.